main-க்கு முன்னால் ஓடும் கோடு

சி மொழியில் எழுதிய நிரல் main என்ற பங்ஷனில் தொடங்குகிறது என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. மின்சாரம் வந்தவுடன் சிப் தேடுவது அதை அல்ல. அந்தப் பெயரே அதற்குத் தெரியாது. மாணவர்கள் மேசையில் அடிக்கடி காணக்கூடிய, விலை குறைந்த STM32F103 சிப்பை எடுத்துக்கொண்டால் நடப்பது என்ன என்பது விளங்கும். அதன் ஒரு வகையில் நிரல் தங்கும் ஃபிளாஷ் நினைவகம் 64 கேபி. நிரல் ஓடும்போது மாறிகள் தங்கும் ராம் 20 கேபி.

ரீசெட் ஆனதும் சிப் இரண்டே இரண்டு எண்களைப் படிக்கிறது. அவை ஃபிளாஷின் தொடக்கத்தில், நான்கு நான்கு பைட்டுகளாக அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது, ஸ்டாக் எங்கே தொடங்க வேண்டும் என்ற முகவரி. இரண்டாவது, முதலில் ஓட வேண்டிய கோடு இருக்கும் முகவரி. ஸ்டாக் முகவரியைச் சிப்பே எடுத்து வைத்துக்கொள்வதால், இந்தக் குடும்பத்துச் சிப்புகளில் தொடக்கக் கோடைக்கூட சி மொழியிலேயே எழுதிவிடலாம். பல பழைய சிப்புகளில் இந்த வசதி இல்லை. அங்கே ஸ்டாக்கை அமைப்பதே அசெம்பிளியில் எழுதிய முதல் வேலையாக இருக்கும்.

ராம் 0x20000000-இல் தொடங்குகிறது. 20 கேபி சேர்த்தால் 0x20005000. ஸ்டாக் முகவரியாக வழக்கமாகக் கொடுக்கப்படுவது இந்த எண்தான். இது ராமுக்கு ஒரு படி வெளியே இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் இந்த ஸ்டாக் மேலிருந்து கீழே வளர்கிறது. முதலில் நான்கைக் கழித்துவிட்டுப் பிறகே எழுதுகிறது. ஆகவே முதல் மதிப்பு விழுவது 0x20004FFC-இல், ராமின் கடைசி அறையில். இரண்டாவது எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தொடக்கக் கோடு 0x08000130-இல் இருந்தால் அங்கே பதிந்திருப்பது 0x08000131. ஒற்றைப்படையாக்கும் அந்த ஒன்று, வருவது தம்ப் வகைக் கட்டளைகள் என்பதற்கான அடையாளம். கையால் அட்டவணை எழுதி அந்த ஒன்றை விட்டுவிட்டால், முதல் கட்டளையிலேயே சிப் பிழைநிலைக்குப் போய்விடும்.

தொடக்கக் கோடு, அதாவது Reset_Handler, அடுத்துச் செய்வது மாறிகளைத் தயார்செய்வது. ஒரு நிரலில் இந்த இரண்டு வரிகள், எல்லாப் பங்ஷன்களுக்கும் வெளியே, இருப்பதாகக் கொள்ளலாம்:

```c
int count = 5;
int total;
```

count ராமில் இருக்க வேண்டும், ஏனெனில் அது மாறும். ஆனால் மின்சாரம் நின்றால் ராமில் உள்ளது அழிந்துவிடும். 5 என்ற மதிப்பை ஃபிளாஷில்தான் பத்திரமாக வைக்க முடியும். எனவே ஒரே மாறிக்கு இரண்டு இடங்கள்: மதிப்பு காத்திருக்கும் ஃபிளாஷ் இடம், அது வேலை செய்யும் ராம் இடம். இந்த வகை மாறிகள் சேரும் பகுதிக்குப் பெயர் .data. total-க்கு மதிப்பு தரப்படவில்லை. அது பூஜ்யமாகத் தொடங்க வேண்டும் என்பது சி மொழியின் விதி. இவை சேரும் பகுதி .bss. வெறும் பூஜ்யங்களை ஃபிளாஷில் சேமித்து வைப்பது வீண் என்பதால், அதன் தொடக்க, முடிவு முகவரிகளை மட்டும் லிங்கர் குறித்துத் தருகிறது. 1024 எண்கள் கொண்ட int அட்டவணை இப்படி இருந்தால் ஃபிளாஷில் இடமே பிடிக்காது. அதன் முதல் எண்ணுக்கு மட்டும் 1 என்று கொடுத்தாலோ, 4 கேபி முழுதாகப் போய்விடும்.

இரண்டு வேலைகளையும் முடிக்கும் கோடு இவ்வளவுதான்:

```c
uint32_t *s = &_sidata, *d = &_sdata;
while (d < &_edata) *d++ = *s++;
d = &_sbss;
while (d < &_ebss)  *d++ = 0;
```

இரண்டாவது சுற்று விடுபட்டால் வரும் கோளாறு ஆளைக் குழப்பும். மின்சாரம் புதிதாக வரும்போது ராமில் ஏதோ ஒரு குப்பை இருக்கும். அது தற்செயலாகப் பூஜ்யமாகவும் இருக்கலாம். மேசையில் ஒழுங்காக ஓடிய கருவி, வேறிடத்தில் தடுமாறுவது இதனால்தான். ரீசெட் பொத்தானை அழுத்தினால் கதை வேறு: மின்சாரம் நிற்காததால் ராமில் பழைய மதிப்பு அப்படியே இருக்கும். total 37 வரை எண்ணியிருந்தால், ரீசெட்டுக்குப் பிறகும் 37-இலிருந்தே தொடரும். பொத்தானை அழுத்தியபின் பழைய கணக்கு தொடர்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது .bss-ஐத்தான்.

பங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண மாறிகளுக்கு இந்தக் கவனிப்பு கிடையாது. அவை ஸ்டாக்கில் உருவாகின்றன. அங்கே முன்பு கிடந்ததே அவற்றின் தொடக்க மதிப்பு.

வரிசையும் முக்கியம். கிளாக்கை அமைக்கும் SystemInit, மேற்கண்ட நகலெடுப்புக்கு முன்பே அழைக்கப்படலாம். அதற்குள் ஒரு பொது மாறியில் 72 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதினால், பின்னால் வரும் நகலெடுப்பு அதைப் பழைய மதிப்பால் மூடிவிடும். கிளாக் சரியாக ஓடும். கணக்கு மட்டும் தப்பாகும். சீரியல் போர்ட்டில் எழுத்துகள் சிதைந்து வருவது இதன் அடையாளங்களில் ஒன்று.

இவை முடிந்து, சி++ இருந்தால் அதன் கன்ஸ்ட்ரக்டர்களும் ஓடிய பிறகே main அழைக்கப்படுகிறது. டீபக்கரில் பிரேக்பாயின்டை main-இல் வைத்தால் இதில் எதுவும் கண்ணில் படாது. Reset_Handler-இல் வைத்து, total-இன் முகவரியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.