வீடு திரும்பிய முதல் வாரம்: தொப்புட்கொடிப் பராமரிப்பும் மஞ்சட்காமாலையை அவதானித்தலும்

பிறம்ரனில் சுகப்பிரசவமாகப் பிறக்கும் குழந்தைகளிற் பெரும்பாலானவை ஒன்று அல்லது இரண்டு நாட்களில் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்புகின்றன. ஆனால் மஞ்சட்காமாலை உச்சநிலையை அடைவது வழமையாக மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையிலாகும். எனவே அது கூடுகின்றதா என்பதை முதலிற் காணக்கூடியவர்கள் வீட்டிலுள்ளவர்களே. தொப்புட்கொடி உலர்ந்து விழுவதும் வீட்டிலேயே நிகழ்கின்றது. இவ்விரண்டையும் கவனிப்பதற்கு அணையாடை (பம்பேர்ஸ்) மாற்றும் நேரமே மிகவும் ஏற்றது.

தொப்புட்கொடி

வெட்டப்பட்ட கொடியின் எஞ்சிய பகுதி காற்றுப்பட்டு உலர்ந்து, கறுத்துச் சுருங்கி, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் தானாக விழுந்துவிடும். அதனை உலர்வாக வைத்திருப்பதே உரிய பராமரிப்பு. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின், கொடியின் அடிப்பகுதியில் அழுக்கு இருந்தால் மட்டும் நீரில் நனைத்த பஞ்சினால் மெதுவாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். அணையாடையின் மேல்விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்துவிட்டால் சிறுநீர் அதில் படாது.

மஞ்சள், திருநீறு, எண்ணெய், பவுடர், ஸ்பிரிற் ஆகிய எதனையும் பூச வேண்டியதில்லை. இவற்றுட் சில ஈரத்தைத் தக்கவைக்கும். சில கிருமிகளைக் கொண்டுவரும். ஸ்பிரிற் பூசினால் கொடி விழுவது தாமதமாகும். நாணயம் வைத்துத் துணியால் வயிற்றைக் கட்டுவதும் காற்றைத் தடுக்கும். விழுந்த கொடியைத் தாயத்தில் வைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள், அது தானாக விழும்வரை காத்திருக்க வேண்டும், இழுக்கக்கூடாது.

விழும் வேளையில் இரண்டொரு துளி இரத்தமும் சிறிதளவு கசிவும் காணப்படுவது இயல்பு. ஆனால் கொடியைச் சுற்றிய சிவப்பு வயிற்றுத் தோலுக்குப் பரவுதல், வீக்கம், சீழ், துர்நாற்றம், தொட்டால் குழந்தை அழுதல் என்பன கிருமித்தொற்றின் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைய தினமே வைத்தியரிடம் காட்ட வேண்டும். அக்குளில் வெப்பநிலை 37.5 பாகை செல்சியசைத் தாண்டினால், உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவிற்குச் செல்ல வேண்டும். பத்து நிமிடங்கள் சுத்தமான துணியால் அழுத்தியும் நிற்காத இரத்தப்போக்கிற்கு அவசர சிகிச்சை தேவை. மூன்று வாரங்களின் பின்னரும் கொடி விழாதிருந்தால் குடும்ப வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகின்றது?

பழைய செங்குருதிக் கலங்கள் சிதையும்போது பிலிரூபின் எனும் மஞ்சட்பொருள் உண்டாகின்றது. அதனை ஈரல் மாற்றியமைக்க, அது மலத்துடன் வெளியேறும். பிறந்த குழந்தையின் ஈரல் முதிராதிருப்பதால் சில நாட்களுக்கு அது உடலிற் தேங்குகின்றது. நிறைமாதக் குழந்தைகளில் அரைப்பங்கிற்கு மேற்பட்டவற்றில் இது காணப்பட்டு, பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். அளவு மிகவும் கூடினால் பிலிரூபின் மூளையைச் சென்றடைந்து, செவிப்புலனையும் உடலியக்கத்தையும் நிரந்தரமாகப் பாதிக்கக்கூடும்.

வீடு அனுப்புமுன் வைத்தியசாலையில் பிலிரூபின் அளக்கப்படுகின்றது. அந்த அளவு குழந்தையின் வயதை மணித்தியாலக் கணக்கில் வைத்தே மதிப்பிடப்படும். 200 மைக்ரோமோல் எனும் அளவு 24 மணித்தியாலத்தில் உடனடிக் கவனத்திற்குரியது. அதே அளவு 96 மணித்தியாலத்தில் ஆரோக்கியமான நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் இயல்பானது. ஆதலால் பிறந்த நேரத்தையும் பரிசோதனை முடிவையும் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

மாநிறமான அல்லது கருமையான தோலில் மஞ்சள் நிறம் எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் கண்களின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். நெற்றியிலும் மார்பிலும் விரலால் மெதுவாக அழுத்தி எடுத்தவுடன் தோன்றும் நிறத்தையும் கவனிக்கலாம். ஆயினும் நிறத்தைக் கொண்டு அளவைக் கணிக்க முடியாது. குழந்தை பால் குடிக்கும் விதமும் நனைந்த அணையாடைகளின் எண்ணிக்கையும் அதேயளவு முக்கியமானவை. 24 மணித்தியாலத்தில் குறைந்தது எட்டுத் தடவை பால் குடிக்க வேண்டும். நனைந்த அணையாடைகள் இரண்டாம் நாளில் இரண்டு, மூன்றாம் நாளில் மூன்று எனக் கூடி, ஆறாம் நாளளவில் ஆறோ அதற்கு மேலோ ஆகவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

37 வாரத்தில், செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு ஒரு குழந்தை பிறந்து, புதன் மாலை வீடு வருகின்றது எனக் கொள்வோம். வெள்ளி காலை கண்களிலும் மார்பிலும் மஞ்சள் தெரிகின்றது. முந்திய 24 மணித்தியாலத்தில் நனைந்தவை இரண்டு அணையாடைகள் மட்டுமே. மலம் இன்னும் கறுப்பாகவே உள்ளது. இரவில் ஆறு மணித்தியாலம் பால் குடிக்காமல் உறங்கியுள்ளது. வைத்தியருடனான சந்திப்போ திங்கட்கிழமை.

இக்குழந்தைக்குப் போதிய பால் கிடைக்கவில்லை. மலம் குறைவாகக் கழிவதால் பிலிரூபின் வெளியேறாது தேங்குகின்றது. சில வாரங்கள் முந்திப் பிறந்தமையும் ஆபத்தைக் கூட்டுகின்றது. திங்கள்வரை காத்திருப்பது தவறு. "72 மணித்தியாலக் குழந்தை, 37 வாரம், ஒரு நாளில் இரண்டு நனைந்த அணையாடைகள், எழுப்பினாற்தான் பால் குடிக்கின்றது" என்று அன்று காலையே வைத்தியருக்கு அல்லது மருத்துவச்சிக்குக் கூறி, அன்றே பரிசோதனை பெற வேண்டும். அது இயலாவிடின் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவிற்குச் செல்ல வேண்டும். அளவு கூடியிருந்தால் நீல ஒளிச்சிகிச்சை அளிக்கப்படும். அவ்வொளி பிலிரூபினை எளிதில் வெளியேறும் வடிவிற்கு மாற்றுகின்றது. அச்சிகிச்சையின்போதும் தாய்ப்பால் ஊட்டலாம்.

இவ்வேளையில் சுடுநீரோ சீனித்தண்ணீரோ கொடுத்தல் ஆகாது. அவை வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும். காலை வெயிலில் வைப்பதும் சிகிச்சைக்கு ஈடாகாது. எவ்வளவு ஒளி உடலிற் படுகின்றது என்பதை அறிய முடியாது. தோல் சுடலாம், குளிரில் உடல் விறைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, பரிசோதனை தாமதமாகும்.

ஜி-6-பி-டி எனும் பரம்பரைக் குறைபாடு தெற்காசியக் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டு. அக்குறைபாடுள்ள குழந்தைக்கு, பூச்சியுருண்டையிட்டு வைத்த துணிகளின் நெடியே செங்குருதிக் கலங்களைச் சிதைத்துக் காமாலையைத் திடீரெனக் கூட்டவல்லது. பெட்டியிலிருந்து எடுத்த பழைய துணிகளையும் போர்வைகளையும் குழந்தைக்குப் பயன்படுத்தாதிருப்பதே பாதுகாப்பு.

எப்போது, யாரை அழைப்பது?

*உடனடியாக 911, அல்லது அவசர சிகிச்சைப் பிரிவு:* எழுப்ப முடியாத உறக்கம், பால் குடிக்க மறுத்தல், கீச்சிட்ட அழுகை, உடல் துவளுதல் அல்லது முதுகை வில்லாக வளைத்தல், காய்ச்சல்.

*அன்றைய தினமே வைத்தியர்:* முதல் 24 மணித்தியாலத்திற்குள் தோன்றும் மஞ்சள், கூடிக்கொண்டு போகும் மஞ்சள், குறையும் அணையாடை எண்ணிக்கை. எந்த வயதிலும் வெளிறிய அல்லது சாம்பல்நிற மலம்.

*சந்திப்பு ஒழுங்கு செய்ய:* இரண்டு வாரங்களின் பின்னரும் மறையாத மஞ்சள்.

ஐயமிருப்பின் 811 இலக்கத்தை எந்நேரமும் இலவசமாக அழைத்துப் பதிவுபெற்ற தாதியுடன் பேசலாம். அழைப்பின் தொடக்கத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை எனக் கேட்டுக்கொள்ளலாம்.