பூவை முகர்வோம், பாலை ஆற்றுவோம்

தேர்வுத் தாளைக் கண்டு நடுங்கும் குழந்தையிடம் நாம் வழக்கமாகச் சொல்வது, "மூச்சை நன்றாக இழு" என்பதே. குழந்தையும் தோள்களை உயர்த்திக் காற்றை வேகமாக இழுக்கிறது. விட்டதும் மறுபடி இழுக்கிறது. சிறிது நேரத்தில் தலை சுற்றுகிறது. விரல் நுனிகளும் உதடுகளும் மரத்துப்போகின்றன. வேகமான மூச்சினால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதே இதற்குக் காரணம். அமைதி தர எண்ணிச் சொன்ன சொல் அச்சத்தைக் கூட்டிவிடுகிறது.

ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மூச்சுப் பயிற்சி அளிப்போர் முதலில் அறிய வேண்டியது, அவர்களுடைய மூச்சு நம் மூச்சைவிட விரைவானது என்பதாகும். ஓய்வாக அமர்ந்திருக்கும்போது அவர்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ இருபது முறை மூச்சு விடுகின்றனர். அதாவது ஒரு மூச்சுக்கு மூன்று விநாடி. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஏழு எண்ணும் வரை அடக்கி, எட்டு எண்ணும் வரை விடும் பெரியவர்களின் முறை அவர்களுக்குப் பொருந்தாது. மூச்சை அடக்கச் சொல்லவே வேண்டாம்.

உள்மூச்சைக் காட்டிலும் வெளிமூச்சு சற்று நீண்டால் போதும். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது. ஆயினும் குழந்தைக்கு நரம்பைப் பற்றிய விளக்கம் தேவையில்லை. மாட்டுங்கா பூக்கடைகளின் மல்லிகை மணத்தை அறிந்த குழந்தையிடம், "பூவை முகர்ந்து பார், பிறகு சூடான பாலை ஆற்று" என்றால் போதும். இரண்டு எண்ணும் வரை மூக்கால் முகர்தல்; மூன்று அல்லது நான்கு எண்ணும் வரை உதடு குவித்து மெல்ல ஊதுதல். ஒரு கை வயிற்றின் மேல் இருக்கட்டும். கை அசைந்து, தோள் அசையாதிருந்தால் பயிற்சி சரியாக நடக்கிறது என்று பொருள். ஐந்து மூச்சுகள் போதும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

கவனப் பயிற்சிக்கு அமைதியான அறை வேண்டும் என்பர். தாராவியின் வகுப்பறையில் அது எளிதில் கிட்டாது; தையல் இயந்திரம், வண்டிகளின் ஒலி, தொலைவில் இரயில் என ஏதேனும் ஓர் ஓசை இருந்துகொண்டே இருக்கும். அந்த ஓசையையே பாடமாக்கலாம். ஆசிரியர் ஒரு மணியை ஒருமுறை அடிக்கிறார். ஒலி முற்றிலும் அடங்கிவிட்டதாகத் தோன்றும்போது குழந்தைகள் கை உயர்த்த வேண்டும். பின்னர், "வேறு எவற்றைக் கேட்டீர்கள்?" என்று வினவுகிறார். கண்ணை மூடுவது அவரவர் விருப்பம்; வீட்டில் அச்சத்தோடு வாழும் குழந்தைக்குக் கண்ணை மூடுவதே துன்பமாகலாம். அத்தகைய குழந்தை தரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மருத்துவரிடத்திலும் இதே முறை உதவும். செம்பூரில், பத்து வயதில் போடவேண்டிய டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசிக்காக ஒரு சிறுமி வந்திருப்பதாகக் கொள்வோம். அவள் கையில் சோப்புக் குமிழி ஊதும் குச்சி தரப்படுகிறது. வேகமாக ஊதினால் குமிழி உடைந்துவிடும். மெல்ல ஊதினால்தான் பெரிதாகும். எண்ணிக்கை சொல்லாமலே வெளிமூச்சு நீள்கிறது. முன்னதாக இரண்டு குமிழிகள் ஊதிப் பழகிய பின், மூன்றாவதை ஊதும்போது செவிலியர் ஊசியைச் செலுத்துகிறார். வலி முற்றிலும் மறையாது. ஆனால் கவனம் குமிழியில் இருப்பதால் கை இறுகாது. "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் பொய் சொல்லக் கூடாது. அடுத்த முறை அவள் நம்ப மாட்டாள்.

எல்லைகளும் உண்டு. மூச்சு வாங்கும்போது நெஞ்சில் விசில் போன்ற ஒலி கேட்டால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். அங்கே தேவைப்படுவது மருத்துவர் அறிவுறுத்திய இன்ஹேலர், பயிற்சியன்று. சண்டையிட்ட குழந்தையை மூலையில் அமர்த்தி மூச்சை எண்ணச் சொன்னால், பயிற்சி தண்டனையாகிவிடும். அழுகையின் உச்சத்திலும் புதிதாகக் கற்பிக்க இயலாது. அமைதியான காலையில் பழகியதே பதற்றத்தில் கைகொடுக்கும்.

தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டம் இத்தகைய கவனப் பயிற்சியை நாள்தோறும் வகுப்பிற்குக் கொண்டுவந்தது. மறுபுறம், பிரிட்டனில் 85 பள்ளிகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, கவனப் பயிற்சி வழக்கமான கற்பித்தலைவிடக் கூடுதல் பயன் தரவில்லை எனக் கண்டது. அவர்கள் இவ்வயதினரைவிடச் சற்று மூத்தவர்கள். பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவுமில்லை. எனவே, மனநோய் வராமல் தடுக்கும் மருந்தாக இதைக் கருத வேண்டாம். ஊசிக்கு முன்னும் தேர்வுக்கு முன்னும் ஒரு குழந்தை தானே செய்துகொள்ளக்கூடிய ஐந்து மூச்சுகள் என்ற அளவில் கற்பிப்போம்.