மூன்று என்ற எண்ணின் எடை

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள், ஆட்டத்துக்கு முந்தைய செய்திகளில் அணிகளின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைக் கவனித்திருப்பார்கள். பாஸ்டன் -6.5, மயாமி +6.5 என்பதுபோல இருக்கும். இதுதான் பாயிண்ட் ஸ்பிரெட். கழித்தல் குறி உள்ள அணி வெல்லும் என்று எதிர்பார்க்கப்படுகிறது, கூட்டல் குறி உள்ள அணி தோற்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பந்தயம் கட்டுபவர் யார் வெல்வார் என்று சொன்னால் போதாது. பாஸ்டன்மீது கட்டியவருக்குப் பணம் வர வேண்டுமானால், அந்த அணி குறைந்தது 7 புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். மயாமிமீது கட்டியவருக்கு அந்த அணி வென்றாலும் சரி, 6 புள்ளிக்குள் தோற்றாலும் சரி.

112-105 என்று பாஸ்டன் வென்றால் வித்தியாசம் 7, பாஸ்டன் பக்கம் ஜெயம். 111-105 என்றால் வெற்றி பாஸ்டனுக்கு, பந்தயப் பணம் மயாமி பக்கத்துக்கு. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த அரைப் புள்ளி, சமநிலை வராமல் தடுக்கத்தான். எண் முழுதாக 7 என்று இருந்து, ஆட்டமும் சரியாக 7 புள்ளியில் முடிந்தால் கட்டிய பணம் இரு தரப்புக்கும் அப்படியே திரும்பிவிடும். அதைப் ‘புஷ்’ என்கிறார்கள். சாதாரணமாக 100 டாலர் லாபத்துக்கு 110 டாலர் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் 10 டாலர்தான் பந்தய நிறுவனத்தின் பிழைப்பு. அதனால் கட்டுகிறவர் பாதி முறை சரியாகச் சொன்னாலும் நஷ்டம்தான். நூற்றுக்கு 52.4 முறை சரியாக இருந்தால்தான் கைப்பணம் குறையாமல் நிற்கும்.

கூடைப்பந்தில் 6.5 என்ற எண் 5.5 ஆகவோ 7.5 ஆகவோ மாறினால் வாய்ப்பும் மாறும், ஆனால் பெரிதாக அல்ல. காரணம், அந்த ஆட்டத்தில் புள்ளிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னச் சின்னதாக வருகின்றன. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூறு புள்ளிக்கு மேல் எடுப்பது சாதாரணம். இத்தனை சிறு துண்டுகள் சேரும்போது கடைசி வித்தியாசம் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். 5 வரும், 6 வரும், 8 வரும். எந்த ஒன்றும் மற்றவற்றைவிட ஓங்கி நிற்பதில்லை.

கடைசி நிமிடம் இதை இன்னும் கலைத்துவிடுகிறது. 104-100 என்று நான்கு புள்ளி பின்தங்கிய அணி, கடிகாரத்தை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். இரண்டும் விழுந்தால் வித்தியாசம் 6. பதிலுக்கு ஒரு மூன்று புள்ளி வந்தால் 3. மறுபடி ஃபவுல், மறுபடி இரண்டு, மறுபடி 5. வெற்றி யாருக்கு என்பது தெரிந்துபோன பிறகும் அந்த 6.5-ன் இரு புறமும் எண் ஊசலாடிக்கொண்டே இருக்கும். அரங்கில் பாதிப்பேர் எழுந்து கிளம்பிய பிறகு வரும் ஒரு ஃப்ரீ த்ரோதான் பந்தயத்தை முடிவுசெய்யும் என்பதும் நடக்கிறது.

அமெரிக்கக் கால்பந்து இதற்கு நேர் எதிர். அங்கே புள்ளிகள் பெரிய கட்டிகளாக வருகின்றன. பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னொன்று, ஆக 7. எல்லைவரை போக முடியாதபோது தூரத்திலிருந்து உதைத்து எடுப்பது ஃபீல்டு கோல், 3 புள்ளி. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி புள்ளி எடுப்பதே பெரும்பாலும் நாலைந்து முறைதான். ஏழுகளையும் மூன்றுகளையும் கூட்டிக் கழித்தால் வருகிற விடைகள் சில எண்களிலேயே குவிகின்றன: 3, 7, 10, 4, 14. என்எஃப்எல் ஆட்டங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகின்றன. அடுத்தது 7, ஏறத்தாழ 9.

கணக்கு மட்டுமே இதற்குக் காரணமல்ல, பயிற்சியாளர்களின் முடிவும் காரணம். ஆட்டம் சமநிலையில் இருந்து நேரம் தீரப்போகிறது என்றால், பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஏழு புள்ளி தேவையில்லை. கடைசி நொடியில் ஒரு ஃபீல்டு கோல் போதும். 2023 பிப்ரவரியில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸும் மோதிய சூப்பர் பவுல் இதற்குத் தெளிவான சாட்சி. 35-35 என்று இருந்தது, மிச்சம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. சீஃப்ஸ் வீரர் ஜெரிக் மெக்கினன் பந்தோடு எல்லைக்கோட்டை நோக்கி ஓடினார். அப்படியே ஓடியிருந்தால் டச்டவுன். அவர் கோட்டுக்குச் சற்று முன்னால் தானாகவே சரிந்து உட்கார்ந்துகொண்டார். டச்டவுன் எடுத்தால் பந்து எதிரணிக்குப் போகும், பதில் சொல்ல அவர்களுக்கு நேரமும் இருக்கும். சீஃப்ஸ் கடிகாரத்தை ஓடவிட்டது. 8 நொடி மிச்சமிருக்கும்போது ஹாரிசன் பட்கர் பந்தை உதைத்தார். முடிவு 38-35. ஏழாக முடிந்திருக்கக்கூடிய வித்தியாசத்தை ஒரு வீரரின் புத்திசாலித்தனம் மூன்றாக்கியது. அந்த விளையாட்டில் நான் மிகவும் ரசிக்கும் தருணங்களில் அது ஒன்று.

ஆகவே கால்பந்தில் -2.5 என்பதும் -3.5 என்பதும் பார்வைக்கு ஒரு புள்ளிதான் தள்ளியிருந்தாலும், இடையில் அந்த 15 ஆட்டங்களில் கழித்தல் குறி உள்ள அணி வென்றவை இருக்கின்றன. முதலாவதில் அவை ஜெயம், இரண்டாவதில் தோல்வி. 8.5-லிருந்து 9.5-க்குப் போவதில் இந்தப் பள்ளம் இல்லை, ஏனென்றால் 9 புள்ளியில் முடியும் ஆட்டங்கள் சொற்பம். 2015-ல் என்எஃப்எல் அந்தக் கூடுதல் ஒரு புள்ளிக்கான உதையைப் பின்னுக்குத் தள்ளி 33 கெஜம் ஆக்கியது. உதை தவறுவது அதிகமானது. ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளிக்கு முயல்வதும் கூடியது. ஏழின் பிடி அதனால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மூன்று அசையவில்லை.

இதையெல்லாம் ஆட்டத்தின் முடிவைச் சொல்லும் ஆரூடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்எஃப்எல்லில் உண்மையான முடிவு ஸ்பிரெட் எண்ணிலிருந்து 13 புள்ளி விலகிப்போவது சர்வசாதாரணம். முக்கிய எண்களின் வேலை, அந்த எண்ணுக்கு அருகில் ஸ்பிரெட் நிற்கும்போது ஒரு புள்ளியின் விலை என்ன என்று சொல்வது மட்டுமே.

அந்த விலையை லாஸ் வேகாஸ் பந்தய நிறுவனங்கள் வலியோடு அனுபவித்த நாள் 1979 ஜனவரி 21. மயாமியில் நடந்த சூப்பர் பவுலில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் முதலில் -3.5. ஸ்டீலர்ஸ் பக்கம் பணம் குவிந்ததால் எண்ணை 4.5 வரை ஏற்றினார்கள். உடனே எதிரணியான டல்லாஸ் கவ்பாய்ஸ் பக்கம் +4.5-ல் பணம் வந்தது. இரண்டிலும் 110 டாலர் கட்டியவரை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் எப்படி முடிந்தாலும் ஒன்று ஜெயிக்கும், மற்றது தோற்கும், மொத்த நஷ்டம் 10 டாலர்தான். வித்தியாசம் சரியாக 4 ஆக இருந்தால் மட்டும் இரண்டுமே ஜெயித்து 200 டாலர் லாபம். கடைசிக் கட்டத்தில் ஸ்டீலர்ஸ் 35-17 என்று முன்னணியில் இருந்தது. டல்லாஸ் ஒரு டச்டவுன் எடுத்தது. ஆட்டம் முடிய 22 நொடி இருக்கும்போது இன்னொன்றையும் எடுத்தது. 35-31. இரு பக்கத்துக்கும் பணம் கொடுக்க வேண்டிவந்த அந்த நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

நான்கு, மூன்றைப் போல அடிக்கடி வரும் எண் அல்ல. அதைத் தாண்டியதற்கே இந்தக் கதி. இன்று -3 என்ற எண்ணில் ஒரு பக்கம் பணம் குவிந்தாலும் நிறுவனங்கள் அதை 3.5-க்கு நகர்த்தத் தயங்குவது இதனால்தான். எண்ணை அப்படியே வைத்துவிட்டு, 100 டாலர் ஜெயிக்கக் கட்ட வேண்டிய தொகையை 110-லிருந்து 115 ஆக, பிறகு 120 ஆக உயர்த்துகிறார்கள்.