நாடா உள்ளே போகாமல் இருக்க

துவைத்து உலர்ந்த உள்பாவாடையை எடுத்துப் பார்த்தால் நாடாவின் ஒரு முனை உள்ளே போயிருக்கும், மறு முனை முழ நீளத்துக்கு வெளியே தொங்கும். நைட் பேண்ட்டிலோ எலாஸ்டிக் தளர்ந்துபோய், நடக்க நடக்க இடுப்பிலிருந்து இறங்கும். இரண்டிலும் துணிக்கு ஒரு குறையும் இருக்காது. தையல் கடையில் கொடுத்தால் "வெச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்பார்கள். நாலு ரவிக்கை தைக்கிற நேரத்தில் இந்தச் சில்லறை வேலையை யார் கையில் எடுப்பார்கள்? வீட்டில் ஒரு ஊக்கு, கை ஊசி, நூல், கத்தரி இருந்தால் போதும்.

ஊக்கில் கோத்து இழுப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேலை கெடுவது அங்கே இல்லை. எவ்வளவு நீளம் வெட்டினோம், முனைகளை எப்படி நிறுத்தினோம் என்பதில்தான் கெடுகிறது.

முதலில் உள்பாவாடை. நாடா வாங்கும்போது பலரும் தங்கள் இடுப்பை அளந்து, முடிச்சுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கு தவறு. உடுத்தும்போது இடுப்பில் சுருக்கிக் கட்டினாலும், தலை வழியாகவோ கால் வழியாகவோ போடுவதற்குப் பாவாடையை முழுக்க விரிக்கிறோம். அந்த நேரத்தில் நீளம் போதாத நாடா முனையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் அளக்க வேண்டியது இடுப்பை அல்ல, நாடா ஓடும் பட்டியை. பாவாடையைச் சுருக்கமில்லாமல் விரித்துப் பட்டியின் சுற்றளவை எடுங்கள். அது 40 அங்குலம் என்றால், பக்கத்துக்கு ஒரு சாண், அதாவது 9 அங்குலம் வீதம் 18 சேர்த்து 58 அங்குலம். கடையில் ஒன்றரை மீட்டர் என்று கேட்டால் சரியாக இருக்கும். பருத்தி நாடா முதல் தண்ணீரில் சுருங்கும், நிற நாடா சாயம் விடும். ஆகவே கோப்பதற்கு முன்பே நனைத்துக் காய வைத்துவிட வேண்டும்.

உருண்டைக் கயிறு வேண்டாம், தட்டையான அகல நாடாவாகவே வாங்குங்கள். இது அழகுக்காகச் சொல்வதல்ல. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா இடுப்புத் தோலை உராய்ந்து, ஆறாத புண்ணாக்கி, அது தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு வயதான பெண்களைப் பற்றி, வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் 2024-இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற இதழில் எழுதியிருக்கிறார்கள். இப்படி ஆவது அரிதுதான். ஆனாலும் நாடா பதிந்து தோல் கறுத்தோ உரிந்தோ இருந்தால், நாடாவை மாற்றும்போதே கட்டும் இடத்தையும் சற்று மேலோ கீழோ மாற்றி, தளர்த்திக் கட்டுங்கள். புண் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய நாடா அறுந்து போகாமல் உள்ளேயே இருந்தால் ஊக்குகூடத் தேவையில்லை. புது நாடாவின் முனையைப் பழையதன் முனைமேல் அரை அங்குலம் படிய வைத்து நாலு தையல் போட்டு, மறுபக்கத்திலிருந்து பழையதை இழுத்தால் புதியது அதன் பின்னாலேயே வந்துவிடும். முடிச்சுப் போட்டு இணைத்தால் அது பட்டிக்குள் சிக்கும்.

நாடா அறுந்திருந்தால்தான் ஊக்கு வேண்டும். பட்டிக்குள் நுழையும் அளவுக்குள் பெரிய ஊக்காக எடுங்கள். சின்ன ஊக்கு துணிக்கு மேலிருந்து விரலுக்கு அகப்படாது. நாடா முனையை மடித்து இரண்டு அடுக்கிலும் குத்திப் பூட்டி, ஊக்கின் தொப்பிப் பக்கம் முன்னால் போகும்படி உள்ளே விடுங்கள். இழுக்கும்போது நாடா சுருள் பக்கம் ஒதுங்கிவிடும், பூட்டும் திறக்காது. நாடாவின் மறு முனையை இன்னொரு ஊக்கால் பாவாடையோடு குத்தி வையுங்கள். மொத்தமும் உள்ளே போன பிறகு முதலிலிருந்து தொடங்குவதைப்போல எரிச்சல் தருவது வேறில்லை. பக்கத் தையல் வரும் இடத்தில் ஊக்கு முட்டிக்கொண்டு நின்றால் தள்ளாதீர்கள். உள்ளே தையலுக்கு விட்ட துணியின் அடியில் அது மாட்டியிருக்கும். ஓர் அங்குலம் பின்னுக்கு இழுத்து, அந்தத் துணியை வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலாகத் தள்ளினால் தாண்டிவிடும்.

கோத்து முடித்ததும் இரு முனைகளையும் சமமாக விட்டு, பாவாடையைச் சுருக்கமின்றி விரித்து வையுங்கள். திறப்புக்கு நேர் எதிரே, பட்டியையும் நாடாவையும் சேர்த்து மேலிருந்து கீழாக ஒரு சிறு தையல் போட வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். இந்த ஒரு தையல் இருந்தால் நாடா எந்தப் பக்கமும் ஓடாது, துவைக்கும் இயந்திரத்தில் போட்டாலும் முனை உள்ளே போகாது.

நைட் பேண்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது, எலாஸ்டிக் பட்டிக்குள் தனியாக ஓடுகிறதா என்பதை. கிள்ளிப் பிடித்தால் துணி மட்டும் விலகி வரும் என்றால் மாற்றுவது எளிது. பின்பக்க நடுத் தையலருகே, உள்புறத்தில், பட்டியின் கீழ்த் தையலை இரண்டு அங்குலம் மட்டும் பிரித்துப் பழையதை உருவி எடுங்கள்.

அதை அளவாக வைத்துப் புதியதை வெட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் இழைகள் வெயிலிலும் இஸ்திரிப் பெட்டிச் சூட்டிலும் இறந்துபோய், அது நீண்டே கிடக்கும். உங்கள் இடுப்பை அளந்து 3 அங்குலம் குறைத்து, இணைப்புக்கு ஓர் அங்குலம் சேருங்கள். இடுப்பு 32 என்றால் 30 அங்குலம் வெட்ட வேண்டும். அகலம் பட்டியைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். ஓர் அங்குலப் பட்டிக்கு முக்கால் அங்குல எலாஸ்டிக் சரி. அதைவிட ஒல்லியானால் உள்ளே புரண்டு கயிறாக முறுக்கிக்கொள்ளும், அகலமானால் மடியும். கடையிலேயே ஒரு சாண் அளவை இரண்டு மடங்காக இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் அது நாள்பட்ட சரக்கு.

நாடாவைப் போலவே ஊக்கால் கோத்த பின் உடனே தைத்துவிட வேண்டாம். முறுக்கு விழுந்திருக்கிறதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்து, இரு முனைகளையும் ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊக்கால் குத்தி, போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். இறுக்கமோ தளர்வோ இப்போதே தெரிந்துவிடும். சரியென்றால் இரட்டை நூலில், சதுரமாகச் சுற்றியும் குறுக்கே பெருக்கல் குறியாகவும் பின்தையல் போடுங்கள். ஓட்டுத் தையல் நீட்சிக்குத் தாங்காமல் அறும். பிரித்த இடத்தை மூடும்போது எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்து, ஊசி அதில் படாமல் தைக்க வேண்டும். கடைசியாக இரண்டு பக்கத் தையல்மீதும் எலாஸ்டிக்கைச் சேர்த்து நெட்டாக ஒரு வரி போட்டால் துவைக்கையில் புரளாது.

கடையில் வாங்கும் நைட் பேண்ட்டுகள் பலவற்றில் எலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்து மூன்று நான்கு வரி தைத்திருப்பார்கள். அதைப் பிரிக்க உட்கார்ந்தால் கண்தான் வலிக்கும். இரண்டு வரிகளுக்கு நடுவே, உள்பக்கத் துணியில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, கால் அங்குல எலாஸ்டிக்கையோ நாடாவையோ கோத்துப் பார்க்கலாம். வரிகள் நெருக்கமாக இருந்து ஊக்கு நுழையவில்லையா, அந்த ஒன்றை மட்டும் தையல் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.