ஒரே பால், வேறு வேறு தேதிகள்

கடைக் குளிர்பெட்டியில் பால் பாக்கெட்டும் தயிர் கப்பும் பனீரும் அடுத்தடுத்து இருக்கின்றன. எதிர் அலமாரியில் நெய்யும் பால் பவுடரும். எல்லாம் பாலிலிருந்து வந்தவைதான். எல்லாவற்றின் மேலும் ஒரு தேதி அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்தத் தேதி தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் நேர்வது வேறு. சிலவற்றைத் தயங்காமல் சாப்பிடலாம். சிலவற்றைத் தொடவே கூடாது.

லேபிளில் இரண்டு வகைத் தேதிகள் வரும். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரத்தைப் பற்றியது. அந்த நாள்வரை சுவையும் மணமும் குறையாது என்று தயாரிப்பாளர் சொல்கிறார். அதற்குப் பிறகு பண்டம் கொஞ்சம் சுவை குன்றலாம். ஆனாலும் உண்ணத் தகுந்ததாகவே இருக்கலாம். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்பது பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்வது. அந்த நாளுக்குப் பிறகு கடைக்காரர் அதை விற்கக் கூடாது.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிகளின்படி, தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும் எக்ஸ்பைரி தேதியும் கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கடையில் பழைய சரக்கு விற்பதைத் தடுக்க இது உதவுகிறது. ஆனால் வீட்டில் ஒரு சிக்கல். இரண்டு நாளில் கெடும் பாலிலும் மாதக்கணக்கில் நிற்கும் நெய்யிலும் ஒரே 'எக்ஸ்பைரி' இருக்கும்போது, எதற்கு எவ்வளவு அஞ்ச வேண்டும் என்பதை லேபிள் நமக்குச் சொல்வதில்லை. அதைப் பண்டத்தின் இயல்பிலிருந்துதான் அறிய வேண்டும். கிருமி பெருக ஈரம் வேண்டும், புளிப்பு இருக்கக் கூடாது, குளிர் குறைய வேண்டும். இந்த மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

பாக்கெட் பாலை எடுத்துக்கொள்வோம். பாலை 72 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 விநாடி வைத்துப் பதப்படுத்துகிறார்கள். நோய் தரும் கிருமிகள் இதில் அழிந்துவிடும். வெப்பத்தைத் தாங்கும் சில பாக்டீரியாக்களும் அவற்றின் வித்துகளும் மிஞ்சும். அவற்றை அடக்கி வைத்திருப்பது குளிர் மட்டும்தான். பாக்கெட்டில் தேதிக்குப் பக்கத்திலேயே, இவ்வளவு டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். தேதியைத் தேடும் கண்கள் அந்த வரியைத் தவற விடுகின்றன. அந்தக் குளிரில் இருந்தால்தான் அந்தத் தேதி செல்லும். விடியற்காலையில் வாசலில் போடப்பட்ட பாக்கெட் வெயில் ஏறும்வரை பையிலேயே கிடந்தால், தேதி மிச்சமிருந்தாலும் பாலுக்கு ஆயுள் மிச்சமில்லை.

பாலைக் காய்ச்சும்போது அது திரிந்தால் கெட்டுவிட்டது என்று நம் வீடுகளில் அறிவார்கள். பால் பண்ணைகளிலும் இதே சோதனை உண்டு. பாலில் புளிப்பு ஏறியிருந்தால் சூட்டில் புரதம் கட்டிப்படும். நம்பத் தகுந்த சோதனைதான். ஆனால் அது புளிப்பை மட்டுமே காட்டும்.

தயிரில் அந்தப் புளிப்பே காவலாகிறது. உறை ஊற்றும்போது சேரும் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை அந்த அமிலத்தில் பெருக முடியாது. குளிர்பெட்டியிலேயே இருந்த, திறக்காத தயிர் கப் தேதி தாண்டி இரண்டு மூன்று நாள் ஆனால் பெரும்பாலும் நடப்பது, புளிப்பு கூடுவதும் மேலே தண்ணீர் பிரிவதும்தான். மோர்க்குழம்புக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் மேலே பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று எந்த நிறத்தில் பூசணம் தெரிந்தாலும், மூடி உப்பியிருந்தாலும், முழுக் கப்பையும் கொட்டிவிட வேண்டும். மேலாக வழித்து எடுத்துவிட்டால் போதாது. பூசணத்தின் இழைகள் ஈரமான பண்டத்தில் உள்ளே இறங்கியிருக்கும்.

பனீர் இதற்கு நேர்மாறு. அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். பாலைத் திரிக்க அமிலம் ஊற்றினாலும் அதன் பெரும்பகுதி வடிந்துவிடுவதால் பனீரில் புளிப்பு மிகக் குறைவு. ஈரமும் புரதமும் நிறைய, காவலுக்குக் குளிர் மட்டும். இதில் தேதி ஒரு நாள் தாண்டினாலும் நான் தூக்கிப் போட்டுவிடச் சொல்வேன். காற்று நீக்கிய பாக்கெட் பனீரோடு ஒட்டியிருக்க வேண்டும். அது உப்பியிருந்தாலோ உள்ளே கலங்கலான வழுவழுப்பு தெரிந்தாலோ தேதியைப் பார்க்கவே தேவையில்லை.

முகர்ந்து பார்த்து நன்றாக இருந்தால் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பனீரைப் பொறுத்தவரை கூடாது. உணவைக் கெடுக்கும் பாக்டீரியா வேறு, நம்மை நோயில் தள்ளும் பாக்டீரியா வேறு. முதல் வகை நாற்றத்தைக் கிளப்பும். இரண்டாவது பல நேரம் மணத்திலும் சுவையிலும் எந்த மாற்றமும் காட்டாது. லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியின் குளிரிலேயே மெல்லப் பெருகும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அது பெரும் ஆபத்து. நன்றாக வேகவைத்தால் அது செத்துவிடும். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உண்டாக்கும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

அந்த நச்சு என்ன செய்யும் என்பதை ஜப்பான் 2000-ல் கண்டது. ஹொக்கைடோவில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் ஆலையொன்றில் மார்ச் மாதம் சில மணி நேரம் மின்சாரம் நின்றது. குளிர் இல்லாமல் நின்ற பாலில் ஸ்டஃபிலோகாக்கஸ் பெருகி நச்சை விட்டது. பிறகு அந்தப் பாலைச் சூடாக்கிப் பவுடராக்கினார்கள். கிருமிகள் செத்தன, நச்சு தங்கியது. அந்தப் பவுடர் ஒசாகா ஆலையில் கொழுப்பு குறைந்த பாலில் சேர்ந்தது. கோடையில் 13,000-க்கும் மேற்பட்டோர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவதிப்பட்டார்கள். தேதி கடந்ததால் வந்த கேடு அல்ல இது. குளிர் விட்டுப்போன சில மணி நேரத்தில் வந்தது.

நம் வீட்டில் மின்தடை வந்தால், கதவைத் திறக்காத குளிர்பெட்டி சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல் போனால் பனீரையும் பாலையும் காப்பாற்ற முயல வேண்டாம். தயிருக்கு அவ்வளவு கவலை இல்லை.

நெய்யில் தண்ணீர் இல்லாததால் கிருமிக்கு வேலை இல்லை. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டுக் கொழுப்புதான் மாறும். அதைச் சிக்கு வாடை காட்டிக்கொடுத்துவிடும். இங்கே மூக்கை நம்பலாம். பால் பவுடரும் உலர்ந்திருக்கும்வரை அப்படித்தான். ஈரக் கரண்டி பட்டுக் கட்டி தட்டிவிட்டால் அதை வைத்திருக்க வேண்டாம். கைக்குழந்தைக்கான பால் பவுடரில் மட்டும் தேதியை ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது. அதிலுள்ள சத்துகளின் அளவுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தேதி.

அட்டைப்பெட்டிப் பாலை 135 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கிருமியில்லாத பெட்டியில் அடைக்கிறார்கள். மூடியிருக்கும்வரை மாதக்கணக்கில் வெளியிலேயே இருக்கும். மூடியைத் திறந்த நிமிடமே அது பாக்கெட் பாலுக்குச் சமம். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்க்க வேண்டும். பனீரும் பிரித்தால் இரண்டு நாள்தான். அச்சிட்ட தேதி எப்போதும் பிரிக்காத பாக்கெட்டுக்கு உரியது. பிரித்த பாக்கெட்டின் மேல் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி முன்வரிசையில் வைத்துவிடுங்கள். குளிர்பெட்டிக் கதவின் தட்டு வேண்டாம். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் முதலில் சூடேறுவது அந்த இடம்தான்.