தள்ளுபடியை நம்பும் முன் கொட்டேஷனைப் பிரித்துப் பாருங்கள்

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு குறைப்பீங்க?" என்பதுதான். டீலருக்கு வசதியான கேள்வியும் அதுவே. ஒரு வரியில் குறைத்ததை இன்னொரு வரியில் அவரால் எடுத்துக்கொள்ள முடியும். எட்டு லட்சம் ரூபாய் காருக்கு 40,000 தள்ளுபடி தருவதாக வைத்துக்கொள்வோம். பழைய காருக்கு 2,60,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000, ஆக 2,90,000 தருகிறார். அதே வண்டியை வெளியே 3,10,000-க்குக் கேட்கிறார்கள் என்றால் அங்கேயே 20,000 போயிற்று. கொட்டேஷனில் இன்சூரன்ஸ் 48,000. அதே கவரேஜ் வெளியே 34,000-க்குக் கிடைக்கிறது. நீங்கள் கேட்காத ஆக்சஸரி கிட் 15,000, ஹேண்ட்லிங் சார்ஜ் 8,000. கூட்டினால் 57,000. தள்ளுபடியைக் கழித்த பிறகும் 17,000 உங்கள் கையிலிருந்துதான் போகிறது. ஆகவே புது வண்டி விலை, பழைய வண்டி மதிப்பு, இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ் நான்கையும் தனித்தனியாகப் பேசி, ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

"எங்கள் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் இந்தத் தள்ளுபடி, இல்லாவிட்டால் டெலிவரி தாமதமாகும்" என்பார்கள். புதுக் காருக்கு மூன்றாண்டு தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். அதை டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்றைத் தருவேன் என்று நிபந்தனை போடுவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. பழைய பாலிசியில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. சான்று வாங்கிப் புதுப் பாலிசியில் கழித்துக்கொள்ளலாம். டீலரின் கமிஷன் குறைவு, கூடுதல் கட்டணம் இல்லாமல் எப்படிப் பிழைப்பார் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அவருடைய கமிஷன் எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. ஹேண்ட்லிங் சார்ஜ் அரசுக்குப் போகும் பணமும் அல்ல. எந்த விதியின்படி வாங்குகிறீர்கள் என்று எழுத்தில் கேட்டால், அந்த வரி பெரும்பாலும் காணாமல் போகும்.

மாதக் கடைசியில் விற்பனை இலக்கை எட்ட டீலர்கள் இறங்கி வருவார்கள். டிசம்பர் சலுகையில் மட்டும் கவனம் தேவை: வண்டி தயாரான மாதத்தைச் சேஸிஸ் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். ஜனவரியில் பதிவு செய்தாலும் மறுவிற்பனையில் தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். பழைய வண்டியை ஒப்படைக்கும்போது தேதியும் நேரமும் எழுதிய ரசீது வாங்குங்கள், ஆர்.சி. பெயர் மாறும் வரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் மீதே விழக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் கட்டாயப்படுத்தி வசூலித்தால், கொட்டேஷனையும் ரசீதையும் பத்திரப்படுத்தி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்; அதற்கான காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.