பைன் மரமும் காத்திருப்பும்

ஜப்பானியச் சுவரொட்டி ஒன்றில் தங்கா கவிதை இருக்கிறது. 5, 7, 5, 7, 7 என மொத்தம் 31 அசைகள். கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்தால் அசைக்கணக்குதான் முதலில் போகும், அது எதிர்பார்த்ததே.

பெரிய இழப்பு 'மட்சு' என்ற சொல்லில். அதற்குப் பைன் மரம் என்றும் பொருள், காத்திருத்தல் என்றும் பொருள். ஒலியெழுத்தான ஹிரகானாவில் எழுதினால் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும்: மலையில் மரம் நிற்கிறது, ஒருத்தி காத்து நிற்கிறாள். மொழிபெயர்ப்பு ஒன்றைத்தான் எடுக்கும். மரத்தை எடுத்தால் காதல் கவிதை தாவரக் குறிப்பாகிவிடும்!

போதாததற்கு, வலமிருந்து இடமாக அடுக்கிய செங்குத்து வரிகளைக் கருவி வரிசை மாற்றிப் படித்துவிடலாம். ஒரே வாக்கியம் ஐந்து துண்டாகச் சிதறும். எழுவாய் இல்லாமலே பேசும் மொழி அது; காத்திருப்பவர் யாரென்று துண்டுகளில் தெரியாது.